புள்ளு சுவத்துக்குள்ள பூந்த கதை

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம்கிறது பாதிக் காரணம். மீதிக் காரணம், அந்த ஆணியை விட்டுட்டு கேம் எழுதுற வேலைக்குப் போகலாம்னு இன்டர்வியூ அட்டெண்ட் பண்ணிக்கிட்டு இருந்தேன். ஆறு வருஷமா பேங்க் சாப்ட்வேருக்குப் பொட்டி தட்டுறவன் கையில இருந்தது ஒரே ஒரு சரக்குதான். ராத்திரி ராத்திரி உக்காந்து நானே எழுதின கிட்டிப்புள் கேம். கயத்தாறு கரிசக்காடு, ஆடுக, உடைமுள்ளு, எல்லையில ஒரு மண்சுவரு. கிட்டியால அடிச்சா புள்ளு பறக்கும், சுவத்துல பட்டா அவுட். அவ்வளவுதான்.

முதல் ரவுண்டுல (கம்பெனி பேரு வேண்டாம்) கேம் லூப் எப்படி எழுதினீங்கன்னாரு. நான் இந்த வரியைக் காமிச்சேன்.

```
x = x + v * dt
```

எதுக்கு dt-யால பெருக்குறீங்கன்னாரு. பெருக்கலைன்னா வேகமான போன்ல கேமும் வேகமா ஓடும், மெதுவான போன்ல நகரும்னு சொன்னேன். 1978-ல வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கதையையும் எடுத்து விட்டேன். ஏலியனைச் சுடச் சுட மிச்சமிருக்கிறதுக வேகமாகும்ல, அது முதல்ல திட்டம் போட்டு வச்சது இல்ல. வரைய வேண்டியது குறைஞ்சதால சிப்பு சீக்கிரம் வேலையை முடிச்சிருக்கு. நிஷிகாடோ அது நல்லாருக்கேன்னு அப்படியே விட்டுட்டாரு. சிரிச்சாரு. அடுத்து சாதாரணமா, "உங்க புள்ளு சுவத்தைத் தாண்டிப் போகுமா?"ன்னாரு. "சான்ஸே இல்ல சார்"னேன். ஒண்ணும் சொல்லாம குறிச்சுக்கிட்டாரு. ரெண்டாவது ரவுண்டு அடுத்த வியாழக்கிழமை.

அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போனேன். மாமா பையன், எட்டாப்பு, அவன் கையில அவங்க அப்பாவோட பழைய போன். கேமை ஏத்திக் குடுத்தேன். கால் மணி நேரத்துல, "அத்தான், புள்ளு சுவத்துக்குள்ள பூந்து அந்தப் பக்கம் போயிட்டு!" போகாதுலேன்னு வாங்கி நான் அடிச்சேன். பட்டுச்சு. திரும்ப அடிச்சேன். போயிட்டு.

வேப்பமரத்தடியில உக்காந்து கணக்கு போட்டேன். என் போன்ல செகண்டுக்கு 60 பிரேம். புள்ளு வேகம் 24 மீட்டர். அப்போ ஒரு பிரேமுக்கு 0.4 மீட்டர் நகரும். சுவரு தடிமன் அரை மீட்டர். தாண்டுறதுக்குள்ள ஒரு தடவையாவது புள்ளு சுவத்துக்குள்ள இருந்தாகணும், மோதல் பிடிபட்டுரும். இவன் போன்ல 20 பிரேம்தான். dt மூணு மடங்கு, ஒரே எட்டுல 1.2 மீட்டர். இந்தப் பிரேம்ல சுவத்துக்கு இந்தப் பக்கம், அடுத்த பிரேம்ல அந்தப் பக்கம். நடுவுல நடந்ததை நான் பாக்கவே இல்ல. 0.5-ஐ 1.2-ஆல வகுத்தா, பத்துக்கு நாலு தடவைதான் படும். சில சமயம் படுது சில சமயம் படலைன்னா பேய் பிசாசு இல்லங்க, இதான்.

சரி, dt-யை மாத்தாம ஒரே அளவா வச்சுரலாம். நிஜத்துல ஓடின நேரத்தைச் சேத்து வச்சு, 1/60 செகண்டு துண்டு துண்டா செலவழிக்கிறது.

```
acc += frameTime;
while (acc >= STEP) {
    update(STEP);
    acc -= STEP;
}
render();
```

எந்தப் போன்லயும் ஒரு எட்டு 0.4 மீட்டர்தான். சந்தோசமா ஏத்தினேன். பத்து செகண்டுல போன் உறைஞ்சு போச்சு. பய என்னைப் பாத்த பார்வை இருக்கே!

அப்பத்தான் முதல் தடவையா நேரத்தை அளந்து பாத்தேன் (ஆறு வருஷ அனுபவம்!). ஒரு அப்டேட்டுக்கு 22 மில்லிசெகண்டு, வரையறதுக்கு 18. மொத்தம் 40. ஆனா திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவைதான் படத்தை வாங்கிக்கும். இது நம்ம ஊரு பஸ் மாதிரி. ஒரு நிமிசம் பிந்தினாலும் அடுத்த பஸ்தான். 33.3 வண்டியை விட்டாச்சு, 50-ல வர்ற வண்டியில ஏறணும். அதான் 20 பிரேம்.

இப்போ புது லூப்பைப் பாருங்க. 50 மில்லிசெகண்டு ஓடிருச்சு, மூணு அப்டேட் பாக்கி. மூணுக்கு 66, வரைய 18, ஆக 84. பஸ்ஸுக்குக் காத்து 100. அடுத்த சுத்துல ஆறு அப்டேட் பாக்கி, 150. அதுக்கடுத்து ஒம்பது, 216. வட்டி கட்டவே கடன் வாங்குற கதை. 16.7 மில்லிசெகண்டு கேமை ஓட்ட 22 மில்லிசெகண்டு செலவாச்சுன்னா, என்னைக்கும் அடைபடாது.

frameTime-க்கு 0.1 செகண்டுன்னு ஒரு உச்சவரம்பு போட்டேன். உறையுறது நின்னுச்சு. ஆனா 100 மில்லிசெகண்டு ஆட்டத்துக்கு 150 ஆச்சு, எல்லாம் ஸ்லோமோஷன். உயிரைக் காப்பாத்தும், நோயைத் தீக்காது.

நோய் அந்த 22-ல இருக்கு. ஆடும் முள்ளுமா 300 உருப்படி, ஒவ்வொண்ணையும் மத்த எல்லாத்தோடயும் மோதுதான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். 300-ஐ 299-ஆல பெருக்கி ரெண்டால வகுங்க, 44,850 கேள்வி, அதுவும் ஒவ்வொரு அப்டேட்டுக்கும். காட்டுக்கு இந்தக் கோடியில நிக்கிற ஆட்டை அந்தக் கோடி முள்ளு குத்துதான்னு எதுக்குக் கேக்கணும்? தோட்டத்துல பாத்தி பிரிக்கிற மாதிரி ரெண்டு மீட்டர் கட்டமா பிரிச்சேன். தன் கட்டத்துலயும் சுத்தியிருக்கிற எட்டுலயும் இருக்கிறதை மட்டும் பாத்தா போதும். நிக்கிற முள்ளுக்கும் நிக்கிற முள்ளுக்கும் கேள்வியே கிடையாது. 22 வந்து 3 ஆச்சு. ரெண்டு அப்டேட்டுக்கு 6, வரைய 18, ஆக 24. 33.3 பஸ்ஸுக்கு நிம்மதியா ஏறி, 30 பிரேம். வரையறதைக் குறைக்காம 60 கிடைக்காது, அதை அப்புறம் பாப்போம்னு விட்டுட்டேன்.

வியாழக்கிழமை. உக்காந்ததும் நானே ஆரம்பிச்சேன். "சார், போன வாரம் சொன்னது தப்பு. எங்க மாமா பையன் போன்ல தாண்டிப் போயிட்டு." முழுக் கதையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "இப்போ வேகத்தை 48 ஆக்கினா?"ன்னாரு.

வேர்த்துருச்சு. எட்டு 0.8 மீட்டர், சுவரு 0.5. திரும்பவும் தாண்டும்! நான் எட்டைச் சின்னதாக்கித் தப்பை ஒளிச்சுத்தான் வச்சிருந்தேன். புள்ளு எங்க இருக்குன்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தேன், எந்த வழியா வந்துச்சுன்னு கேக்கவே இல்ல. பேப்பர் வாங்கி எழுதினேன்.

```
t = (wall - x0) / (x1 - x0)
```

முந்தின இடம் 9.8, புது இடம் 10.6, சுவரு 10-ல ஆரம்பிக்குதுன்னா t = 0.25. பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல வந்தா அந்த எட்டுக்குள்ள மோதல், கால்வாசி தூரத்துல. சுவரு காகிதம் மாதிரி மெல்லிசா இருந்தாலும் தப்பாது. "அப்போ எல்லா ஆட்டுக்கும் இதைப் போடுவீங்களா?"ன்னாரு. "இல்ல சார், ஆடு ஒரு எட்டுல தன் உடம்பைத் தாண்டாது. புள்ளுக்கு மட்டும் போதும். மிச்ச நேரம் பட்ஜெட்ல இருக்கட்டும்." தலையாட்டினாரு.

வேலை கிடைச்சிருச்சுங்க. சம்பளம் இப்ப வாங்குறதை விடக் கொஞ்சம் கம்மி, அதை வீட்டுல இன்னும் சொல்லல. அம்மா இதைப் படிக்க மாட்டாங்கங்கிற தைரியம்தான்.

போன வாரம் ஊருக்குப் போயி புது கேமை ஏத்திக் குடுத்தேன். பய நாலு ஆட்டம் ஆடிட்டு உர்ருன்னு நீட்டுறான். "அத்தான், பழசையே ஏத்தித் தாங்க. அதுல புள்ளு அந்தப் பக்கம் போனாத்தான் நெறைய பாயிண்டு வரும்."