தலைமயிர் கொட்டுகிறதா, முறிகிறதா?

களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் நாங்கள் மாதம் ஒருமுறை நடத்தும் பெண்கள் கூட்டத்தில் கடன், காணி, பிள்ளைகளின் படிப்பு என்று பேசி முடிந்த பின்னர் கொஞ்ச நேரம் வேறு கதைகளும் வரும். அந்த நேரத்தில் அடிக்கடி வருவது தலைமயிர் பற்றிய கவலை. "முந்தி இடுப்புக்குக் கீழே கிடந்தது, இப்ப தோளோட நிக்குது" என்று சொல்லாத பெண் குறைவு. அதற்குச் சொல்லப்படும் காரணங்களும் பல. சிலர் கிணற்றுத் தண்ணீர் என்பார்கள், சிலர் கண்ணூறு என்பார்கள், பலர் யோசனை என்பார்கள்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு அக்காவுக்கு 46 வயது. யுத்தத்தில் கணவரை இழந்தவர். வீட்டோடு சின்னக் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "புள்ள, என்ட தலமயிர் வளருதே இல்ல. யோசனதான் வேர அறுக்குது எண்டு மாமி சொல்றா. கொழுக்கட்ட மாதிரி இருந்த கொண்ட இப்ப எலிவால் மாதிரிப் போயிற்று" என்றார். அழகு நிலையமொன்றில் 'புரோட்டீன்' வைத்தால் வேரிலிருந்து எல்லாம் சரியாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கேட்ட காசு 12,000 ரூபா. மகளின் வகுப்புக்கென்று சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசை அதற்குக் கொடுக்க நினைத்திருந்தார்.

நான் படித்தது சமூகவியல். ஆனாலும் பெண்களுக்கான அழகுக்கலைப் பயிற்சியொன்றை ஒழுங்கு செய்தபோது அதற்கான பாடங்களை நானும் வாசித்திருந்தேன். அதில் முதலாவது பாடமே, கொட்டுவதும் முறிவதும் வேறு வேறு என்பது. வேரோடு விழுந்த மயிரின் ஒரு நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருக்கும். முறிந்த மயிரில் அது இராது. பெரிய காய்ச்சல், பிள்ளைப்பேறு, தாங்க முடியாத துயரம் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்களின் பின்னர் மயிர் வேரோடு கொட்டுவது உண்மை. ஆகவே மாமி சொன்னது வெறும் கதையல்ல. ஆனால் இந்த அக்காவுக்கு நடந்தது அதுதானா என்று பார்க்க வேண்டியிருந்தது. மூன்று நாட்கள் சீப்பில் வந்த மயிரை ஒரு கடுதாசியில் மடித்துக் கொண்டுவரச் சொன்னேன். வெளிச்சத்தில் வைத்து எண்ணினோம். 64 மயிர்கள். குமிழ் இருந்தது 17இல் மட்டுமே. மிச்சமெல்லாம் முறிந்தவை. வேரோடு நாளுக்கு ஐம்பது, நூறு மயிர் விழுவது எவருக்கும் வழமை. அவரது வேர் ஒழுங்காக வேலை செய்துகொண்டுதான் இருந்தது. தலையில் மாதம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தது. கீழே அதே அளவு முறிந்துகொண்டிருந்ததால் வளராதது போல் தெரிந்தது.

ஏன் முறிகிறது என்று விளங்க, ஒரு மயிருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். பக்கத்துப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியை தன் நுணுக்குக்காட்டியைத் தந்து உதவினார். கண்ணாடித் துண்டொன்றில் நிறமில்லாத கியூடெக்ஸை மெல்லிதாகப் பூசி, அதன் மேல் மயிரை வைத்து, காய்ந்த பின்னர் மயிரை உரித்தெடுத்தார். மயிரின் மேற்பரப்பு அச்சாகப் பதிந்திருந்தது. அந்த அக்காவின் ஒரே மயிரில் தலைப்பக்கத் துண்டையும் முனைத் துண்டையும் இப்படி வைத்துப் பார்த்தோம்.

தலைப்பக்கத்தில் தெரிந்தது கிடுகு வேய்ந்த கூரை போன்ற தோற்றம். அதுதான் கியூட்டிக்கிள் எனப்படும் வெளியுறை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய செதில்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஆறேழு அடுக்காக மயிரைச் சுற்றி மூடியிருக்கின்றன. கூரையில் கிடுகின் கீழ்விளிம்பு இறவாணப் பக்கம் பார்ப்பது போல, செதிலின் விளிம்பு மயிரின் முனையைப் பார்க்கும். விரலிடையில் ஒரு மயிரைப் பிடித்து அடியிலிருந்து நுனிக்கு உருவினால் வழுக்கும்; நுனியிலிருந்து அடிக்கு உருவினால் சொரசொரக்கும். செதில்களின் மேல் பிறப்பிலேயே ஒரு கொழுப்புப் படலமும் உண்டு. அது இருக்கும் வரைக்கும் ஒரு துளி தண்ணீர் சேம்பிலையில் நிற்பது போல மயிரின் மேல் நிற்கும்.

முனைத் துண்டில் கூரையே இல்லை. சில இடங்களில் செதில் விளிம்புகள் உடைந்திருந்தன, சில இடங்களில் உள்ளே இருப்பது வெளியே தெரிந்தது. காரணத்தை அக்காவின் வாயாலேயே அறிந்தோம். மூன்று வருடங்களாக மாதம் ஒருமுறை தலைக்குக் கறுப்புச் சாயம் பூசுகிறார். விதவை சாயம் பூசினால் ஊரில் ஒரு கதை. பூசாமல் நரையோடு கடையில் நின்றால் வேறொரு கதை. அது அவரது விருப்பம்; நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து நுனி வரை முழுவதும் பூசினார். நிலைத்து நிற்கும் சாயம் உள்ளே போவதற்கு, அதிலுள்ள காரமும் பெரொட்சைட்டும் அந்தக் கொழுப்புப் படலத்தை அகற்றிச் செதில்களைத் திறக்க வேண்டும். அவரது மயிர் 40 சென்ரிமீற்றர் நீளம். அப்படியென்றால் முனைக்கு மூன்று வயதுக்கும் மேல். அது 36 தடவை சாயம் பட்ட மயிர். அடியில் புதிதாக வந்த ஒரு சென்ரிமீற்றரோ ஒரு தடவைதான் பட்டது. இதற்கு மேல் சட்டை துவைக்கும் சவர்க்காரத்தைத் தலைக்கும் போட்டிருக்கிறார். அதன் காரமும் செதில்களை உயர்த்தும். உப்பும் சுண்ணாம்பும் உள்ள கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் வெள்ளைப் பிசுக்காக மயிரில் ஒட்டிவிடும். பிறகு மயிர் மினுங்காது, சிக்குப்படும், சீப்பு இழுக்கும்.

கூரை போனால் அடுத்து நனைவது வீட்டின் உள். வெளியுறைக்கு உள்ளே இருப்பது கோர்டெக்ஸ் எனப்படும் நடுப்பகுதி. மயிரின் பெரும்பங்கும் பலமும் இதுதான். தும்பை முறுக்கிக் கயிறாக்குவது போல, கெரட்டின் என்ற புரதத்தின் நுண்ணிய நார்கள் நீளவாட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பவை கந்தகப் பிணைப்புகள். மயிரின் கறுப்பு நிறமணிகளும் இங்குதான் உண்டு. வயலில் வெயிலுக்குள் நிற்கும் பெண்களின் மயிர்முனை செம்பட்டையாவது, வெயில் இந்த நிறமணிகளை அழிப்பதால்தான். சாயத்தின் பெரொட்சைட்டும், மயிரை நிரந்தரமாக நேராக்கும் மருந்தும் கந்தகப் பிணைப்புகளை உடைக்கின்றன. நேராக்கும்போது உடைந்தவற்றை மறுபடி பிணைக்க இரண்டாவது மருந்து போடுவார்கள். என்றாலும் முழுவதும் பழையபடி சேர்வதில்லை.

நடுப்பகுதி பழுதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சீப்பில் வந்த ஒரு மயிரை நனைத்து இரு கையாலும் மெதுவாக இழுங்கள். நல்ல மயிர் இறப்பர் போல நீண்டு, விட்டதும் பழைய அளவுக்கு வரும். பழுதான மயிர் நீண்டு அப்படியே தொய்ந்து நிற்கும், அல்லது உடனே அறும். அக்காவின் முனைத் துண்டு அறுந்தது. வேறோர் அடையாளம் மயிரின் இடையில் தெரியும் வெள்ளைப் புள்ளி. அதை ஈர் என்று எண்ணி மண்ணெண்ணெய் வைத்தவர்களும் உண்டு. ஈர் என்றால் மயிரின் ஒரு பக்கத்தில் ஒட்டியிருக்கும். இந்தப் புள்ளியோ மயிரே நார் நாராகச் சிதைந்த இடம். இரண்டு தும்புத்தடிகளின் தும்பை ஒன்றுக்குள் ஒன்று குத்தி வைத்தது போலிருக்கும். வளைத்தால் அந்த இடத்திலேயே முறியும்.

எல்லாவற்றுக்கும் நடுவே மெடுலா என்ற உள்மையம் இருக்கிறது. நுணுக்குக்காட்டியில் அது கறுத்த கோடாகத் தெரிந்தது. சில மயிர்களில் விட்டு விட்டு, சிலவற்றில் இல்லவே இல்லை. காற்றிடைவெளிகள் உள்ள நெட்டி போன்ற பகுதி அது. மயிரின் பலத்துக்கு அதன் பங்கு மிகக் குறைவு. ஆகவே அது இல்லாத மயிரும் நல்ல மயிர்தான். ஆனால் அக்காவின் மகளுடைய மயிர் ஒன்றைப் பார்த்தபோது உள்ளே வரிசையாகக் குமிழிகள் தெரிந்தன. கட்டாரிலிருந்து மாமா அனுப்பிய நேராக்கும் இயந்திரத்தை அவள் முழுகிய ஈரத்தோடே பிடிப்பாள். தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. அந்த இயந்திரம் 180, 200 பாகை வரை சுடும். மயிருக்குள் இருந்த தண்ணீர் ஆவியாகி, போக வழியின்றி உள்ளேயே ஊதிக் குமிழியாகிறது. 'சீ' என்ற சத்தம் கேட்டால் நடப்பது அதுதான். குமிழி வந்த இடத்தில் மயிர் முறியும்.

இப்போது அந்த 12,000 ரூபாவுக்கு வருவோம். தலைக்கு வெளியே வந்த மயிருக்கு உயிரில்லை. காயம் ஆறுவது போல அது ஆறாது. புரோட்டீன் பூச்சு உடைந்த கூரையின் மேல் சாக்கு விரிப்பது போல. சில நாள் மினுங்கும், முழுக முழுகக் கழுவிப் போகும். வேருக்கு அது எதுவும் செய்யாது. இதை அக்காவுக்கு விளக்கினோம். அவர் காசை மகளின் வகுப்புக்கே கட்டினார்.

செய்தது வேறு. கடைசி 10 சென்ரிமீற்றரை வெட்டினார். சாயத்தை அடியில் புதிதாக வந்த நரைக்கு மட்டும் பூசினார். துவைக்கும் சவர்க்காரத்தை நிறுத்தி, தலைக்கு ஷாம்பு கொஞ்சம் போட்டார். சிக்கை முனையிலிருந்து மேல்நோக்கி எடுத்தார், ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போடுவதை விட்டார். நனைந்த மயிர் ஊதித் தடிப்பதும் செதில்கள் உயர்வதும் அப்போதுதான்.

முழுகுவதற்குச் சில மணி நேரம் முன்னர் தேங்காயெண்ணெய் வைக்கவும் சொன்னோம். இது எங்கள் அம்மம்மாமார் செய்ததுதான். அதற்கு ஒரு காரணமும் உண்டு. 2003இல் மும்பையில் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்களான ரெலே, மொஹிலே ஆகியோர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் மயிரில் வைத்து, எவ்வளவு புரதம் இழக்கப்படுகிறது என்று அளந்தார்கள். இழப்பைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லோரிக் அமிலம் சிறியது, நேரானது. ஆகவே அந்த எண்ணெய் மயிருக்குள் நுழைகிறது. உள்ளே எண்ணெய் இருந்தால் தண்ணீர் அவ்வளவு நுழையாது, மயிர் அவ்வளவு ஊதாது. கனிய எண்ணெய் மேலேயே நின்றுவிடும். அந்த நிறுவனம் தேங்காயெண்ணெய் விற்பது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அத்தோடு எண்ணெய் இழப்பைத் தடுக்குமே தவிர, முறிந்ததை ஒட்டாது, புதிதாக முளைக்கவும் செய்யாது.

பத்து மாதத்துக்குப் பின்னர் அளவுநாடா வைத்துப் பார்த்தோம். வெட்டியபோது 30 சென்ரிமீற்றராக இருந்த மயிர் 38 ஆகியிருந்தது. மேலே வந்த புதிய பகுதியில் தண்ணீர்த்துளி வழுக்கி நின்றது. கீழே இருந்த பழைய பகுதி பழையபடியேதான். அதை இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவதாக முடிவு செய்திருக்கிறார்.

உங்கள் சீப்பிலும் மயிர் நிறைய வந்தால் முதலில் குமிழைப் பாருங்கள். குமிழோடு வருவதுதான் அதிகம், அதுவும் நாளுக்கு நூறைத் தாண்டி மாதக்கணக்கில் நீடிக்கிறது என்றால், எண்ணெயால் ஆகாது. வைத்தியசாலைக்குப் போய் இரத்தத்தில் இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். குமிழ் இல்லாமல் வந்தால் வேரில் பிழையில்லை. மயிருக்கு என்னென்ன செய்கிறோம் என்று எண்ணிப் பார்த்து, அதில் ஒன்றிரண்டை நிறுத்தினால் போதும்.