கட்டா முன்னே, கடல் அட்டை பின்னே

தூத்துக்குடிக் கரையில் கிடைக்கும் மீன், நண்டு, சிப்பி வகைகளின் பட்டியல்களை அட்டவணையாக்குவதை நான் ஆசையோடு செய்துவருகிறேன். ஒரு பத்தியில் கரையில் வழங்கும் பெயர், அடுத்ததில் ஆங்கிலப் பெயர், கடைசியில் எடை.

பழைய கோப்பைத் திறந்தால் முதலில் எழுத்துருவைத்தான் பார்ப்பேன். பாமினியில் தட்டியதாக இருந்தால், கண்ணுக்கு ‘மீன்’ என்று தெரியும் கட்டத்துக்குள் உண்மையில் இருப்பது `kPd;`. எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றினால் அது அப்படியே வெளியே வந்துவிடும். அந்த நிலையில் அகரவரிசை கேட்டால் நெத்திலி கெளுத்தியை முந்திக்கொள்ளும். பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் மெய்யெழுத்தை அடிக்கிறோம். அதனால் இரண்டு பெயருமே `n` என்று தொடங்குகின்றன. நெத்திலிக்கு அடுத்து `e`, கெளுத்திக்கு `f`. கணினி ஆங்கில வரிசைப்படி சரியாகத்தான் அடுக்கியிருக்கிறது.

எனவே யூனிகோடுக்கு மாற்றாமல் வரிசையில் கைவைக்கக் கூடாது. மாற்றும்போது ஆங்கிலம் கலந்த கட்டங்களைத் தனியே பிரித்துவிட வேண்டும். `25 kg` என்ற கட்டத்தையும் மாற்றிக்குள் தள்ளினால் ‘25 மப’ என்று வரும், ஏனென்றால் பாமினியில் `k` என்பது ம, `g` என்பது ப. மாற்றி முடித்ததும் நான் ‘மப’ என்று தேடிப் பார்ப்பது இதற்காகவே.

யூனிகோடு வந்த பிறகும் வேலை மிச்சம் இருக்கிறது. குறியெண் வரிசையில் ளகரம் வகரத்துக்கு முன்னால் நிற்கிறது; நம் நெடுங்கணக்கிலோ ல, வ, ழ, ள என்று போகும். அதனால் வாவலுக்குப் பின்னால் வர வேண்டிய வாளை முன்னால் வந்துவிடும். புள்ளியின் குறியெண் எல்லா உயிர்மெய்க்கும் பெரியது என்பதால் ‘கடல் அட்டை’ முதலிலும் ‘கட்டா’ பிறகும் வரும். அகராதி முறையில் ட் என்பது ட-வுக்கு முந்தியது, கட்டாதான் முதலில் நிற்க வேண்டும். வெறும் `sort()` குறியெண்ணை மட்டுமே பார்க்கும். தமிழ் வரிசை என்று சொல்லிக் கேட்டால் இரண்டும் சரியாகிவிடும்:

```
list.sort(new Intl.Collator('ta').compare)
```

வரிசைப்படுத்தி முடித்தவுடன் இந்த இரண்டு இணைகளையும் சரிபார்த்துக்கொள்வேன்.

எடைப் பத்தியின் குறையைக் கட்டத்தின் ஒழுங்கே காட்டிக்கொடுக்கும். விரிதாளில் எண்கள் வலப்பக்கம் ஒட்டும், சொற்கள் இடப்பக்கம் ஒட்டும். ஒரு பத்தியில் சில கட்டங்கள் மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அவற்றில் ‘25 கிலோ’ என்பதுபோல அலகும் சேர்ந்து தட்டப்பட்டிருக்கும். அவை எண்ணாக இல்லை. கூட்டல் அவற்றை விட்டுவிடும், வரிசையில் 100 கிலோ 25 கிலோவுக்கு முன்னால் போய் நிற்கும். பார்வைக்கு நேராகட்டும் என்று முழுப் பத்தியையும் வலப்பக்கம் தள்ளுகிறவர்கள் உண்டு. அப்படித் தள்ளினால் பிழையைக் காட்டிய ஒரே அடையாளமும் மறைந்துபோகும். அலகைப் பத்தித் தலைப்புக்கு ஏற்றிவிட்டுக் கட்டத்தில் 25 மட்டும் இருக்கட்டும். அது தானாக வலப்பக்கம் போகிறதா என்று பார்த்த பிறகே ஒழுங்கு செய்ய வேண்டும்.