வேர்வை காயட்டும்

நாற்பது வருடம் தறிக்குழியில் கால் வைத்து பெட்ஷீட் நெய்தவன் நான். போன சித்திரையில் மகள் வீட்டுப் பேரன் சென்னிமலைக்கு வந்திருந்தான். கோடை மழை நாலு தூறல் போட்டுவிட்டுப் போன புழுக்கமான ராத்திரி அது. மாடி அறையில் படுத்தவன் பன்னிரண்டு மணிக்கு இறங்கி வந்து, "அப்புச்சி, ஃபேன் ஓடுது, உடம்பு மட்டும் எரியுதுங்க" என்றான்.

மேலே போய் மெத்தையில் கை வைத்தேன். ஃபோம் மெத்தை, அதன் மேல் வழவழப்பான பாலியஸ்டர் விரிப்பு. முதுகு பட்ட இடம் பிசுபிசுவென்று நனைந்திருந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் கூரை ராத்திரியில் அந்தச் சூட்டைக் கீழே விடும். சீலிங் ஃபேன் அந்தச் சூட்டுக் காற்றைத்தான் அவன் மேல் தள்ளிக்கொண்டிருந்தது.

வெளியே மழைக்குப் பிறகு குளிர்ந்திருந்தது. எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறந்து, டேபிள் ஃபேனை ஒரு ஜன்னலோரம் உள்பக்கம் பார்த்து வைத்தேன். சூட்டுக் காற்று மறுபக்க ஜன்னல் வழியாக வெளியேறியது. அரைமணி கழித்து ஃபேனைக் கால்மாட்டுக்கு மாற்றினேன். நேராக முகத்தில் அடித்தால் மூக்கும் தொண்டையும் வறண்டு தூக்கம் கலையும். வெளியே உள்ளதைவிட அறை குளிர்ந்திருந்தால் ஜன்னலைத் திறக்கக் கூடாது, சாத்திவிட வேண்டும்.

அவனைக் குளிக்கச் சொன்னேன், ஐஸ் தண்ணீரில் அல்ல. ரொம்பக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே தங்கிவிடும். உள்சூடு இறங்கினால்தான் தூக்கம் வரும். அது வெளியேறும் முக்கியமான வழி உள்ளங்கையும் பாதமும். அதனால் பாதத்தைப் போர்த்தாமல், ஈரம் லேசாக இருக்கும்படி விடச் சொன்னேன். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முதல் மூன்று மணி நேரத்தில்தான் கிடைக்கும். அந்த நேரம் குளிர்ந்திருந்தால் போதும்.

மெத்தையை ஓரமாகச் சாய்த்துவிட்டு, கயிற்றுக் கட்டிலில் கோரைப்பாயும் அதன் மேல் நாலைந்து தடவை துவைத்த பருத்தி விரிப்பும் போட்டேன். கட்டிலுக்கு அடியிலும் காற்று ஓடுவதால் முதுகு வேர்வை காயும். பாலியஸ்டர் வேர்வையை உறிஞ்சாது. பருத்தி உறிஞ்சிக் காற்றுக்குக் கொடுக்கும். ஆனால் முழுக்க நனைந்த பருத்தி சீக்கிரம் காயாது, அதனால் மாற்றிப் போட இன்னொன்றை மடித்து வைத்தேன். நாங்கள் நெய்யும் கனத்த போர்வை மார்கழிக்கு. சித்திரைக்கு ஒற்றை அடுக்குத் துணிதான் சரி.

கடையில் எல்லா விரிப்பையும் காட்டன் என்றுதான் சொல்வார்கள். வாங்கி வந்ததும் ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கட்டியாகும். சாம்பலானால், இரண்டு தடவை துவைத்துக் கஞ்சியை எடுத்துவிட்டு விரியுங்கள்.