கட்டம் போடுவதற்கு முன்

இருபது வருஷத்துக்கும் மேலாகப் பள்ளியில் கால அட்டவணை போடும் வேலை என் கையில்தான் இருந்தது. வாரம் ஐந்து நாள், நாளுக்கு எட்டுப் பாடவேளை என்று வகுப்புக்கு நாற்பது கட்டம். முதலில் நகர்த்த முடியாதவற்றை வைப்போம். வாரத்தில் சில அரைநாள் மட்டுமே வரும் பகுதிநேர ஆசிரியர், பள்ளிக்கே ஒன்றாக இருக்கும் ஆய்வகம், மாலையில்தான் வெயில் தணியும் மைதானம். இவை உட்கார்ந்த பிறகு தமிழும் கணக்கும் தாமாகவே இடம் பிடித்துக்கொள்ளும். நெருக்கடி இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. ஓய்வு பெற்ற பிறகுதான் இது எனக்குப் புரிந்தது.

புரிய வைத்தவன் என் தங்கை மகன். படிப்பு முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்கு வீட்டில் இருந்தே படித்துக்கொண்டிருந்தான். "மாமா, எனக்கு ஒரு வாரத்துக்கு டைம்டேபிள் போட்டுக் குடுங்க" என்றான். எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்றேன். "நீங்க சொல்ற நேரத்துக்கு." வெளி வேலை ஏதாவது? "ஒண்ணும் இல்ல." எதை முதலில் படிக்க வேண்டும்? "எல்லாந்தான் மாமா."

காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து வரை நானே நிரப்பிக் கொடுத்தேன். மூன்றாம் நாளே அந்தத் தாளை அவன் மடித்து வைத்துவிட்டான். தவறு என்னுடையது. அவன் சொல்லாத பதிலையெல்லாம் என் பழக்கத்திலிருந்து எடுத்து எழுதியிருந்தேன். ஐந்து மணிக்கு எழுகிறவன் நான்.

இரண்டாம் முறை அட்டவணையே போடவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்து, ஏழு நாளைக்கு எதையும் மாற்றாமல், நடப்பதை மட்டும் மணி போட்டு எழுதச் சொன்னேன். எழுந்தது, சாப்பிட்டது, படிக்க உட்கார்ந்தது, போனை எடுத்தது எல்லாம். தினமும் ஆறு மணி நேரம் படிப்பதாக அவன் மனதார நம்பியிருந்தான். நோட்டில் கூட்டிப் பார்த்தால் வாரம் முழுவதற்கும் பதின்மூன்று மணி நேரம்தான்.

இது அவனுடைய குறை மட்டுமல்ல. 1994இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எடுத்துக்கொண்டது 55 நாளுக்கும் மேல். ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை நாமே கணிக்கும்போது பெரும்பாலும் குறைத்தே போடுகிறோம்.

நோட்டு இன்னும் சிலவற்றைச் சொன்னது. வேலை ஒன்றுமில்லை என்றவன் செவ்வாய்க்கிழமை அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் அரை நாள் காத்திருந்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர் பிடித்தான். இவைதான் அவனுடைய பகுதிநேர ஆசிரியர்கள். அலாரம் இல்லாமல் ஏழிலிருந்து எட்டரைக்குள் எழுந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பின் நான்கு மணி வரை ஒரு பக்கமும் நகரவில்லை. காலை ஒன்பதுக்கு மேலும் இரவு எட்டுக்கு மேலும் படித்தது மனதில் நின்றது.

எழும் நேரத்தை ஏழரை என்று முடிவு செய்தோம், ஞாயிறு உட்பட. தூங்கும் நேரத்தைப் பிடித்து இழுக்கவில்லை. தினமும் ஒரே நேரத்தில் எழுந்து காலை வெளிச்சத்தில் நின்றால், சில நாளில் இரவுத் தூக்கம் தானாக முன்னுக்கு வரும்.

எது முதலில் என்பதை வினாத்தாளிடமே கேட்டோம். 200 கேள்வியில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். இவனோ பயத்தில் பாதி நேரத்தைக் கணக்குக்கே கொடுத்துவந்தான். ஆகவே காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை, நான்கு நாள் தமிழ், இரண்டு நாள் கணக்கு. இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை பொது அறிவு. ஆறு நாளுக்குப் பதினைந்து மணி நேரம், ஏற்கனவே படித்ததைவிட இரண்டே மணி அதிகம். மருத்துவமனைச் செவ்வாயில் காலைப் பாடம் மாலை ஐந்துக்குப் போனது. சனிக்கிழமை மாலை மூன்று மணி நேரத்தைக் காலியாகவே விட்டோம். அன்றன்று தவறியதை மறுநாள் தலையில் ஏற்றாமல் அங்கே கொண்டுபோய் வைக்கத்தான்.

அடுத்த இரண்டு வாரமும் தாளைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை இரவுக் கட்டம் இரண்டு முறையும் காலி. நண்பர்கள் கூடும் நாள் அது. ஒரே கட்டம் இரண்டு தடவை காலியானால் தப்பு கட்டத்தில் என்பது பள்ளியில் நான் கண்டது. அந்த ஒரு மணி நேரத்தை ஞாயிறு காலைக்கு மாற்றினோம். மூன்றாம் வாரம் நாளுக்கு அரை மணி கூட்டினோம், அதுவும் காலையில் மட்டும்.

இப்போதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிலர் அட்டவணை போட்டுத் தரச் சொல்லி வருகிறார்கள். அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: ஏழு நாள் எழுதிய நோட்டோடு வாருங்கள், உட்கார்ந்து போடுவோம்.