ரிவர்ட் பண்ணுங்க

இந்திய ஆங்கிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் முதல் அடி விழுவது 'பிரீபோன்' மேல்தான். அலுவலகத்துக்குப் பயிற்சி வகுப்பு எடுக்க வருபவர் முதல் நாளே, "அப்படி ஒரு வார்த்தையே கிடையாது, இனிமே யாரும் சொல்லாதீங்க" என்று கறாராகச் சொல்லிவிடுவார். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு வருஷக்கணக்கில் மின்னஞ்சலில் குடித்தனம் நடத்தியவன் நான். பிரீபோனால் ஒரு வேலை கெட்டு நான் பார்த்ததில்லை. கெடுத்த சொற்கள் வேறு. அவற்றைப் பற்றி அந்த வகுப்புகளில் யாரும் மூச்சு விடுவதில்லை.

கூட்டம் மூன்று மணிக்கு பிரீபோன் ஆகிவிட்டது என்று எழுதினால் லண்டன்காரர் புருவத்தை உயர்த்துவார், அவ்வளவுதான். போஸ்ட்போன் தெரிந்தவருக்கு இதை ஊகிக்க அதிக நேரம் ஆகாது. ஊகிக்க முடியாதவர் என்னவென்று கேட்டுவிடுவார். வார்த்தையே கிடையாது என்பதும் தவறு. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் அது இருக்கிறது. 1913-லேயே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதிய வாசகர் ஒருவர், போஸ்ட்போனுக்கு எதிர்ச்சொல் வேண்டுமென்று இதையே முன்மொழிந்திருக்கிறார்.

சொல்லப்போனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் வழக்கத்தைவிட இது தெளிவானது. புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் 'மூவ்டு ஃபார்வர்டு' ஆகியிருக்கிறது, இப்போது எந்தக் கிழமை? லெரா போரோடிட்ஸ்கி போன்ற மொழி உளவியல் ஆய்வாளர்கள் ஆங்கிலம் பேசுபவர்களிடம் இப்படிக் கேட்டபோது, திங்கள் என்றும் வெள்ளி என்றும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்தார்கள். பிரீபோனில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

அடுத்த குற்றவாளி, 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்'. ஒரு காலத்தில் இங்கிலாந்திலேயே சகஜமாகப் புழங்கிய தொடர் இது. அங்கே வழக்கொழிந்து போயிற்று. நம் கச்சேரிக் கோப்புகளில் தங்கிவிட்டது. தமிழில் மனு எழுதுபவரும் கடைசி வரியில் 'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்றுதான் முடிக்கிறார். தாசில்தாருக்கு அது புரியும். பட்டா மாறுதலுக்கு ஆவன எவை என்பது மனு கொடுத்தவரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். என்ன செய்வதென்று அதிகாரிக்கே சொல்லித்தராமல், முடிவை அவரிடம் விடுகிற மரியாதையும் அதில் உண்டு.

அதே வரி ஜெர்மனியில் உள்ள கணக்குப் பிரிவு அலுவலருக்குப் போனால் நிலைமை வேறு. பழைய வாசனை அடிக்கிறது என்பது சின்ன விஷயம். தான் என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. இன்வாய்ஸுக்கு ஒப்புதல் தர வேண்டுமா, பணம் அனுப்ப வேண்டுமா, வேறொருவருக்குத் தள்ளிவிட வேண்டுமா? யோசித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிடுவார். 'இந்த இன்வாய்ஸுக்கு வியாழனுக்குள் ஒப்புதல் கொடுங்கள், வெள்ளியன்று சரக்கை அனுப்பிவிடுகிறோம்' என்று எழுதியிருந்தால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். இதற்கு ஆங்கிலத்தைத் திருத்த வேண்டாம். 'ஆவன' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நாம் மடித்து வைத்ததை விரித்துச் சொன்னால் போதும்.

இந்த இரண்டிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது: கேட்பவருக்குத் தனக்குப் புரியவில்லை என்பதாவது தெரிகிறது. புரிந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொள்ளும் இடத்தில்தான் வினை.

'ரிவர்ட்' அப்படிப்பட்ட சொல். நமக்கு அது 'பதில் போடுங்கள்'. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும்கூட அப்படித்தான். அமெரிக்கருக்கோ 'பழைய நிலைக்கே திரும்பு'. மென்பொருள் வேலையில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அதே பெயரில் ஒரு கட்டளையே இருக்கிறது. எங்கள் அணிப் பையன் ஒருவன் நிரலில் ஒரு பிழையைச் சரிசெய்து சேர்த்துவிட்டு, பார்த்துவிட்டு ரிவர்ட் பண்ணுங்கள் என்று அமெரிக்கக் கூட்டாளிக்கு எழுதிவிட்டு வீட்டுக்குப் போனான். அவர் சொன்ன பேச்சைக் கேட்கிறவர். திருத்தத்தைப் பார்த்தார், `git revert` என்று தட்டினார், 'பார்த்துவிட்டேன், ரிவர்ட் செய்துவிட்டேன்' என்று ஒரு வரி பதிலும் போட்டார்.

மறுநாள் காலையில் பையனுக்குச் சந்தோஷம். பார்த்துவிட்டாராம், பதிலும் போட்டுவிட்டாராம். விரிவான பதில் எங்கே என்று அஞ்சல்பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தபோது, சோதனைப் பிரிவிலிருந்து பழைய பிழை மறுபடி வருகிறது என்று தகவல் வந்தது. நல்லவேளையாக அந்தக் கட்டளை எதையும் அழிப்பதில்லை. முந்தைய மாற்றத்துக்கு நேர் எதிரான மாற்றத்தைப் புதிதாகச் சேர்க்கிறது. ஆகவே ரிவர்ட்டையே ரிவர்ட் செய்து நிலைமையைச் சமாளித்தார்கள். இரண்டு பேரும் நல்ல ஆங்கிலம் தெரிந்தவர்கள், இரண்டு பேரும் சொன்னதைச் சரியாகச் செய்தவர்கள். யாருக்கும் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை என்பதுதான் கோளாறு.

சந்தேகம் என்றதும் 'டவுட்' ஞாபகம் வருகிறது. வகுப்பில் வாத்தியாரிடம் சந்தேகம் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் வெளிநாட்டுப் பேராசிரியரிடம், உங்கள் கணக்கில் எனக்கு ஒரு டவுட் என்போம். விளங்காததை விளக்கக் கேட்கிறோம். அவர் காதிலோ 'உங்கள் கணக்கின் மேல் எனக்கு நம்பிக்கையில்லை' என்று விழுகிறது. இப்படித்தான் 'பாஸ்டு அவுட்' என்பதும். சென்னை பரங்கிமலை ராணுவப் பயிற்சியகத்தில் இன்றைக்கும் பாஸிங் அவுட் பரேடு நடக்கிறது. அந்த வழியில் நாமும் கல்லூரியை விட்டு பாஸ் அவுட் ஆகிறோம். ராணுவ வழக்கு தெரியாதவருக்கு நாம் 2010-இல் கல்லூரியில் மயங்கி விழுந்ததாகப் படும்.

தொனியிலும் இது நடக்கும். தொலைபேசியை எடுத்ததும் "சொல்லுங்க" என்பது நமக்கு வாஞ்சை. அதையே 'டெல் மீ' ஆக்கினால் அதட்டலாகக் கேட்கும். எதிர்முனையில் இருப்பவர் ஏன் சுருக்கமாகப் பேசி வைத்துவிட்டார் என்பது நமக்குக் கடைசிவரை தெரியவராது.

இது நம் ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள குறை என்று வெட்கப்பட வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர் வரலாற்றில் சர்ச்சில் ஒரு சம்பவத்தைக் குறித்திருக்கிறார். பிரிட்டிஷ் அதிகாரிகள் அவசரமான ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்ய விரும்பினார்கள். அவர்களுக்கு அது உடனே விவாதத்துக்கு வைப்பது; அமெரிக்க அதிகாரிகளுக்கு அது கிடப்பில் போடுவது. இரு தரப்பும் ஒன்றையேதான் விரும்புகின்றன என்று விளங்குவதற்குள் நீண்ட வாக்குவாதம், அதுவும் கசப்போடு, நடந்து முடிந்திருந்தது. இருவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி.

அதனால் நமக்குள் பேசும்போது எந்தச் சொல்லையும் விட வேண்டாம். கடல் தாண்டிப் போகும் கடிதத்தில் மட்டும் ஒன்றைப் பாருங்கள்: இந்தச் சொல் புரியாவிட்டால் அவர் திருப்பிக் கேட்பாரா? கேட்பார் என்றால் தைரியமாக எழுதுங்கள், பிரீபோன் உட்பட. கேட்காமலே வேறு ஒன்றைச் செய்துவிடுவார் என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'பதில் எழுதுங்கள்', 'ஒரு கேள்வி இருக்கிறது', 'படிப்பை முடித்தேன்' என்று நேராகச் சொல்லுங்கள். பயிற்சி வகுப்பு எடுப்பவர்களும் பிரீபோனை விட்டுவிட்டு ரிவர்ட்டிலிருந்து தொடங்கினால் நல்லது.