ஒன்பதாம் நம்பர் பெட்டி

அம்பத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி. பெயர் வேண்டாம். சர்வர்களை ஒரு வெள்ளி ராத்திரி கழற்றி, லாரியில் ஏற்றி, சிறுசேரி டேட்டா சென்டரில் மாட்டினார்கள். என் நண்பரின் மகன் தலைமை. வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன் (போண்டா நன்றாக இருந்தது).

சனிக்கிழமை எல்லாம் சொன்னபடி கேட்டன. ஞாயிறு மதியம் சோதனைக்கு ஒரு பில் போட்டால், திரை அப்படியே நின்றுவிட்டது. திங்கள் காலை எட்டு மணிக்குச் சரக்கு லாரிகள் கிளம்ப வேண்டும். பில் இல்லாமல் ஒரு பம்ப் கேட்டைத் தாண்டாது.

'Connection timed out' என்றது லாக். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். 'Refused' என்றால் வீட்டில் ஆள் இருக்கிறது, கதவைத் திறக்கவில்லை. 'Timed out' என்றால் பெரும்பாலும் அந்தத் தெருவே இல்லை. யாரைத் தேடுகிறது?

```
netstat -an | grep SYN_SENT
```

192.168.1.9 என்று வந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத விலாசம்.

அம்பத்தூரில் மிச்சமிருந்த ஒரு பையன் அதை பிங் செய்ய, சமர்த்தாகப் பதில் சொன்னது! அதன் மாக் அட்ரஸை ஸ்விட்ச்சில் தேடினால் 17ஆம் போர்ட். அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனான். ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பழைய பென்டியம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணிக் கொண்டு வரட்டுமா அண்ணா?"

"தொடாதடா!"

சரியான பதில். வருஷக்கணக்காகச் சுற்றிய ஹார்டு டிஸ்க் ஒருமுறை நின்றால் மறுபடி சுற்றும் என்று உத்தரவாதமில்லை.

அது செய்த வேலை ஒன்றே ஒன்று. கேட்டால் அடுத்த பில் நம்பரைத் தரும். எழுதியவர் எப்போதோ ரிடையராகிவிட்டார். ஜி.எஸ்.டி.யில் பில் எண்கள் வரிசையாக இருக்க வேண்டும் என்பதால், குத்துமதிப்பாக ஒரு நம்பரில் ஆரம்பிக்க முடியாது. அது எப்படிப் பேசுகிறது என்று பார்க்க பையன் டெல்நெட் அடிக்க, 48213 என்றது. போச்சு, கேட்டதிலேயே ஒரு நம்பர் செலவு! அதை ரத்தான பில்லாகக் கணக்கில் எழுதினார்கள்.

பில்லிங் சர்வரிலேயே இருபது வரியில் புதிதாக ஒரு நம்பர் புரோகிராம் எழுதி, 48214இலிருந்து ஆரம்பித்தார்கள். பழைய விலாசம் பில்லிங் புரோகிராமுக்குள்ளேயே புதைந்திருந்தது; மாற்ற மூலநிரல் இல்லை. அதனால் அந்த விலாசத்தையே புது சர்வருக்கு இரண்டாவது பெயராகச் சூட்டினார்கள்.

```
ip addr add 192.168.1.9/32 dev eth0
```

இரவு பதினொன்றரைக்கு முதல் பில் வந்தது.

இடம் மாற்றுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, எது எதோடு பேசுகிறது என்று பதிவு செய்து பார்த்திருந்தால் ஒன்பது தெரிந்திருக்கும். மாதக் கடைசியும் அதில் அடங்க வேண்டும். சில பெட்டிகள் சம்பளத்தன்றுதான் வாய் திறக்கும். பிறகு சந்தேகப் பெட்டியின் நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டு யார் அலறுகிறார்கள் என்று காத்திருப்பார்கள். இதற்கு 'ஸ்க்ரீம் டெஸ்ட்' என்றே பெயர். பவரைப் பிடுங்குவதில்லை. அலறினால் திரும்பச் செருகிவிடலாமே.

அந்த பென்டியத்தை இரண்டு வாரம் கழித்து அணைத்தார்கள். ஆர்வத்தில் மறுபடி ஆன் செய்து பார்த்தார்களாம். டிஸ்க் எழுந்திருக்கவில்லை.