பேனலா, கேபிளா?

ரிச்சி தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய ஒரு கடை. லேப்டாப் பழுது பார்க்கும் அண்ணனின் மேசையருகே உட்கார்ந்திருந்தேன். கல்லூரி மாணவர் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். திரை முழுக்க ரோஸ் நிறம் படர்ந்து, அவ்வப்போது துடித்தது.

"ஸ்கிரீன்ஷாட்ல கலர் சரியாத்தான் இருக்குண்ணா. அப்ப பேனல்தானே போயிருக்கு?" என்று போனை நீட்டினார்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. தன் லேப்டாப்பில் விண்டோஸின் நைட் லைட்டைப் போட்டார். திரை மஞ்சளானது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து மாணவரின் போனுக்கு அனுப்பினார். படம் பளிச்சென்று வெள்ளையாகவே வந்தது. "என் பேனலும் போச்சா தம்பி?"

நைட் லைட்டின் சாயம், படம் திரைக்குக் கிளம்பும் கடைசிக் கட்டத்தில்தான் சேர்கிறது. ஸ்கிரீன்ஷாட் அதற்கு முன்பே படத்தை எடுத்துவிடுகிறது. நிறக்கோளாறு ஸ்கிரீன்ஷாட்டில் தெரிந்தால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். தெரியாவிட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது. நானும் அதுவரை மாணவரைப் போலத்தான் நினைத்திருந்தேன்.

அண்ணன் நம்புவது பயாஸை. மாணவரின் லேப்டாப்பை அணைத்து, மறுபடி போடும்போதே F2-வைத் தட்டினார் (கம்பெனிக்குக் கம்பெனி பொத்தான் மாறும்). அங்கே விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. அங்கும் ரோஸ் நிறம்தான், அதே துடிப்புதான். ஆக, கோளாறு வன்பொருளில். எச்டிஎம்ஐ வயரில் மானிட்டரை மாட்டினார்; அதில் படம் சுத்தமாக வந்தது. பெரும்பாலும் கிராபிக்ஸ் சிப்பும் தப்பியது. மிச்சம் கேபிளும் பேனலும்.

பயாஸ் திரையிலேயே வைத்து மூடியை மெதுவாகச் சாய்த்தார். ஒரு கோணத்தில் ரோஸ் மறைந்தது. இன்னும் சாய்த்ததும் திரும்பி வந்தது. கீல் வழியாகப் போகும் கேபிள், திறந்து மூடித் திறந்து மூடி அங்கேதான் நையும். கோணம் மாறினாலும் அசையாமல் நிற்கும் செங்குத்துக் கோடு, திரையின் கீழ் விளிம்பை லேசாக அழுத்தினால் மட்டும் மாறும் படம் என்றால் அவர் பேனலைக் கைகாட்டுவார். அந்த விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய இணைப்புகளைக் கடையில் சரிசெய்ய வழியில்லை.

திரையின் சட்டத்தைக் கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுத்தார். திரை விளக்குக்கான மின்சாரமும் அதே கேபிளில் வருவதால், கரண்ட் இருக்கும்போது கனெக்டரை இழுத்தால் போர்டில் ஃபியூஸ் போகலாம். "நல்லா இருந்த போர்டைக் கெடுத்துட்டு வர்றவங்கதான் அதிகம்." கனெக்டரைத் துடைத்து அழுத்தி மாட்டிப் பார்த்தார், துடிப்பு நிற்கவில்லை. கீலருகே கேபிளின் உறை கிழிந்திருந்தது. அதே மாடலுக்கான புதுக் கேபிளை மாட்டினார்.

நிறம் சரியானதும் மாணவர் பையை எடுத்தார். அண்ணன் விடவில்லை. திரையை வெள்ளையாக வைத்து மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். "புதுசை கீல்ல சரியா படுக்க வைக்கலன்னா மூணு மாசத்துல மறுபடி இங்கதான் வருவ."